வளவில் எடுத்த வீடியோவும் பாதியில் மாறிய ஒப்பந்தமும்

காலை பத்து மணி இருக்கும். ஆச்சி போன் செய்தார்கள். வழக்கமாக "சாப்பிட்டியா" என்றுதான் தொடங்குவார்கள். அன்று அது இல்லை. "ஏத்தா, நம்ம வீட்டை மசாலா விளம்பரத்துக்கு விட்டுட்டியாமே? சென்னையில இருக்கிற பங்காளி போன் போட்டுக் கேக்குறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்கள்.

எனக்கும் தெரியவில்லை. நான் விளம்பரத்துக்கு விடவில்லை. என் இன்ஸ்டாகிராம் சமையல் பக்கத்துக்காக ஒரு ரீல் எடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பங்காளி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தபோது, ஆச்சி வீட்டின் வளவு என்ற நடு முற்றம், ஆத்தங்குடி கல் பாவிய தரை, என் கை, என் வாணலி, எல்லாமே அதில் இருந்தன. மேலே நிறுவனத்தின் பெயர், அதன் கீழே Sponsored.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறேன். செட்டிநாட்டுச் சமையலை வீடியோவாகப் போடுகிறேன். ஆச்சி எனக்குச் சொந்தம் இல்லை. சின்ன வயதிலிருந்து போய்வரும் வீடு. அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமானதும் இல்லை, பதினொரு பங்காளிகளுக்குப் பொது. ஆச்சி சாவியை வைத்துக்கொண்டு விளக்கேற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். காலை எட்டரைக்கு வளவில் வெயில் சரிந்து விழும். அந்த ஒரு மணி நேர வெளிச்சத்துக்காகத்தான் அங்கே எடுக்கக் கேட்டேன். "ஒன் பக்கத்துல போடுறதுக்குன்னா எடுத்துக்க, ஒரு நாளைக்கு மட்டும்" என்று ஆச்சி சொன்னார்கள். அந்த வார்த்தையை நான் மீறியதாக ஆகிவிட்டது. பணத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது.

ஒப்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். மசாலாப் பொடி நிறுவனம் ஒன்று. நடுவில் சென்னை ஏஜென்சி ஒன்று. நான்கு ரீல், ரீலுக்கு 15,000 ரூபாய், மொத்தம் 60,000. முன்பணம் 24,000. மீதி, நான்காவது ரீல் வெளிவந்து 30 நாளுக்குள். நான்கு சமையலும் முன்பே பேசி முடிவானவை: நாட்டுக்கோழி மிளகு வறுவல், கோழிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், காளான் மிளகு. முத்திரைத்தாளில் எதுவும் இல்லை. நான் ஒரு மெயில் அனுப்பினேன், ஏஜென்சி "சம்மதம்" என்று பதில் போட்டது. அந்த மெயிலில் மூன்று வரி முக்கியம். வீடியோக்களின் உரிமை என்னிடமே இருக்கும். நிறுவனம் தன் பக்கத்தில் 60 நாள் பகிரலாம், காசு கட்டி விளம்பரமாக ஓட்டக்கூடாது. ஒரு ரீலுக்கு ஒரு முறை திருத்தம். இதை எழுதிவைத்தபோது பெரிய யோசனை எதுவும் இல்லை. தோழி ஒருத்தி தன் மெயிலைக் காட்டினாள், அதைப் பார்த்து எழுதினேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த மூன்று வரிதான்.

முதல் ரீலை முடித்து ஏஜென்சிக்கு அனுப்பினேன். பாக்கெட் முதல் மூன்று விநாடிக்குள் தெரிய வேண்டும் என்றார்கள், திருத்தினேன். மறுநாள் பின்னணிக் குரலில் ஒரு வரி மாற்றச் சொன்னார்கள். அதையும் செய்தேன். வெளியிட்ட அன்று மூன்று ஸ்டோரி கூடுதலாகக் கேட்டார்கள். பேச்சில் இல்லாதது, ஆனாலும் போட்டேன். முதல் வேலை, நல்ல பெயர் எடுக்கலாம் என்ற எண்ணம். இங்கேதான் நான் தவறினேன். செய்ததில் தவறில்லை, சொல்லாமல் செய்ததில்தான் தவறு. "இது ஒப்பந்தத்தில் இல்லை, இந்த ஒரு முறை மட்டும் செய்து தருகிறேன்" என்று ஒரு வரி வாட்ஸப்பில் போட்டிருந்தால் போதும். போடாததால், பிற்பாடு அவர்கள் "நீங்கள்தான் எல்லா மாற்றத்துக்கும் ஒத்துக்கொண்டுதானே வந்தீர்கள்" என்று சொல்ல இடம் கிடைத்தது.

இரண்டாவது ரீலும் முடிந்து, அவர்கள் சரி சொல்லி, வெளியிடும் தேதிக்குக் காத்திருந்தது. அந்த நேரத்தில் ஏஜென்சியில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் மாறி, புதியவர் வந்தார். வந்த வாரமே "நிறுவனத்தின் புதுக் கொள்கை" என்று ஒரு கோப்பு அனுப்பினார். நான்கு ரீலையும் ஒரு வருடம் விளம்பரமாக ஓட்டலாம். எடிட் செய்யாத முழுப் பதிவையும் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வேறு எந்த மசாலா நிறுவனத்தோடும் வேலை செய்யக்கூடாது. தொகை அதே 60,000. அடுத்த ரீலில் உருளைக்கிழங்குக்குப் பதில் உப்புக்கறி, அதில் நான் சொல்ல வேண்டிய வரி: "மூணு தலைமுறையா எங்க வீட்டு உப்புக்கறிக்கு இந்தப் பொடிதான்."

உப்புக்கறி செய்தவர்களுக்கு இதில் உள்ள சங்கடம் புரியும். அதில் மசாலாப் பொடியே கிடையாது. நல்லெண்ணெயில் விதை உதறிய வரமிளகாய், உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, கறி, உப்பு. கறி தன் தண்ணீரிலேயே வெந்து சுருண்டு வர வேண்டும். அதுதான் அதன் ருசி. பொடி போட்டால் அது வேறு ஒரு வறுவல். நன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் உப்புக்கறி இல்லை. அந்த நிறுவனம் தொடங்கியே மூன்று தலைமுறை ஆகவில்லை என்பது வேறு.

ஆச்சியின் போன் வந்தது இதற்கு மறுநாள். நான் இன்னும் சரி என்றோ முடியாது என்றோ சொல்லவே இல்லை. அதற்குள் முதல் ரீல் விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் புரியாதது, என் அனுமதி இல்லாமல் எப்படி ஓட்டினார்கள் என்பதுதான். இன்ஸ்டாகிராமில் என் பதிவை அவர்கள் விளம்பரமாக்க வேண்டுமானால் நான் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அவர்கள் பக்கத்தில் பகிர்வதற்காக வீடியோவை முழுத் தரத்தில் கூகுள் டிரைவில் போட்டு இணைப்பு அனுப்பியிருந்தேன். அதை இறக்கி, தங்கள் பக்கத்திலிருந்து புது விளம்பரமாக ஏற்றிவிட்டார்கள். கோப்பு கைமாறிய பிறகு, செயலியில் அனுமதியை மூடிவைத்திருப்பதால் பயன் இல்லை.

ஒரு நிறுவனம் என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். facebook.com/ads/library என்ற பக்கத்தில் நாட்டையும் விளம்பர வகையையும் தேர்ந்தெடுத்து, நிறுவனத்தின் பெயரைத் தேடினால், இப்போது ஓடுபவை எல்லாம் தொடங்கிய தேதியோடு வரும். இன்ஸ்டாகிராம் விளம்பரங்களும் அதிலேயே இருக்கும். என் ரீல் ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருந்தது, அதாவது புதிய நிபந்தனைக் கோப்பு என் கைக்கு வருவதற்கும் முன்பிருந்தே. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், வீடியோ ஓடுவதை மொபைலில் பதிவும் செய்துகொண்டேன். விளம்பரத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்தே அது போய்விடலாம். அதனால் சண்டைக்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். டிரைவ் இணைப்பையும் மூடினேன். வாட்ஸப் உரையாடலை Export chat கொடுத்து என் மெயிலுக்கே அனுப்பிக்கொண்டேன்.

அப்புறம் ஆத்திரம் வந்தது. "உங்கள் வேலையே வேண்டாம், இத்தோடு முடித்துக்கொள்கிறேன்" என்று நீளமாக ஒரு செய்தி அடித்தேன். அனுப்பவில்லை. காரைக்குடியில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இதை அனுப்பினால் பாதியில் விட்டுப்போனது நீங்கள் என்று ஆகிவிடும்மா" என்றார்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 62ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒருவர் கோப்பு அனுப்பினால் அது மாற்றம் ஆகாது, வேண்டுகோள்தான். 39ஆம் பிரிவு, ஒருவர் தன் வாக்கை முழுமையாக நிறைவேற்ற மறுத்தால் மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. மறுத்த பிறகும் நீங்கள் சொல்லாலோ நடத்தையாலோ தொடரச் சம்மதம் காட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடும். நான் மூன்று ஸ்டோரியைச் சத்தமில்லாமல் போட்டதை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே முதலில் அவர்கள் மறுத்தார்கள் என்பது எழுத்தில் வர வேண்டும். இதுவரை வந்ததெல்லாம் போன் பேச்சும் "புதுக் கொள்கை" என்ற கோப்பும்தான். பழைய நிபந்தனைப்படி நடக்க மாட்டோம் என்று அவர்கள் எங்கேயும் எழுதவில்லை. அதை எழுதவைக்க ஒரே வழி, நேராகக் கேட்பது.

இன்னொன்றையும் அவர் கேட்டார்: "வீடியோ உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கிறீர்களா?" எழுதியிருக்கிறேன் என்றதும் அவர் முகம் தெளிந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் ஆகிவிட இடமிருக்கிறது. எடுத்தவள் நான், கேமரா என்னுடையது, அதனால் வீடியோவும் என்னுடையது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரி மெயிலில் இல்லாமல் இருந்திருந்தால், எடிட் செய்யாத பதிவை அவர்கள் கேட்டபோது மறுக்க எனக்குப் பிடிமானம் குறைந்திருக்கும்.

அன்று மாலை அனுப்பிய மெயிலின் சாரம் இதுதான். ஏஜென்சிக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்தே அனுப்பினேன்.

"நாம் மெயிலில் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி மீதி இரண்டு ரீலையும் செய்து தர நான் தயாராக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய திருத்திய நிபந்தனைகளுக்கு நான் சம்மதிக்கவில்லை. முன்பு ஒரு கூடுதல் திருத்தமும் மூன்று ஸ்டோரியும் செய்தது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. முதல் ரீல் விளம்பரமாக ஓடுகிறது, இணைப்பில் ஆதாரம் இருக்கிறது. அது ஒப்பந்தத்துக்கு மாறானது, 48 மணி நேரத்தில் நிறுத்த வேண்டும். பழைய நிபந்தனையிலேயே தொடர்கிறீர்களா, இல்லையா என்பதை ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை அடுத்த ரீல் வேலையை நிறுத்திவைக்கிறேன்."

நிறுவனத்தையும் சேர்த்தது அவசியம். ஏஜென்சி "நிறுவனம் கேட்கிறது" என்று சொல்லும். நிறுவனம், ஏஜென்சி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அப்படித்தான் இருந்திருக்கிறது. மெயில் போன அன்று இரவே விளம்பரம் நின்றது.

மறுநாள் ஏஜென்சியிலிருந்து போன். "ஏன் மேடம் மெயில் எல்லாம், பேசியே முடிச்சுக்கலாமே. மத்த கிரியேட்டர்ஸ் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க." நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும், "இப்போது பேசியதில், பழைய நிபந்தனையில் தொடர முடியாது என்று சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது சரியா?" என்று செய்தி போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மெயில் வந்தது: திருத்திய நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால்தான் மீதி ரீல்களைத் தொடர முடியும், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தரவும். நான் காத்திருந்தது இந்த மெயிலுக்காகத்தான். மறுத்தது அவர்கள் என்பது இப்போது அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது.

விலகல் மெயிலில் கோபத்துக்கு இடமே வைக்கவில்லை, கணக்கு மட்டும் எழுதினேன். முதலில் எனக்கே ஒரு குழப்பம். வங்கிக்கு வந்திருந்தது 21,600 தான். மீதி 2,400 வரிப்பிடித்தம். அது என் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்ட பணம், அதனால் நான் பெற்றது 24,000 என்றே வைக்க வேண்டும். 21,600 என்று எழுதியிருந்தால் முதல் பதிலிலேயே என் கணக்கு தப்பு என்று ஆகியிருக்கும்.

வெளியான ரீல் ஒன்று, 15,000. முடித்து, அவர்கள் ஒப்புதல் தந்து, வெளிவராத ரீல் ஒன்று. அதற்கு இரண்டு வழி கொடுத்தேன். அந்த ரீல் வேண்டுமென்றால் மொத்தம் 30,000 ஆகிறது, 24,000 போக 6,000 தர வேண்டும். பழைய நிபந்தனைப்படி 60 நாள் பகிரலாம். வேண்டாமென்றால் அதை வெளியிட மாட்டேன், 24,000இல் 15,000 போக 9,000 திருப்பித் தருகிறேன். கூடுதல் ஸ்டோரிக்கும் விளம்பரம் ஓடிய நாளுக்கும் தனியாகக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த நேரத்தில் விளம்பரம் திரும்ப ஓடக்கூடாது என்பதுதான் முக்கியமாக இருந்தது. அதனால் அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக, "ஆச்சி வீட்டில் எடுத்த எந்தக் காட்சியையும் இனி விளம்பரமாகப் பயன்படுத்த மாட்டோம், எங்களிடம் உள்ள கோப்பை 60 நாள் முடிந்ததும் அழித்துவிடுவோம்" என்ற உறுதியை எழுத்தில் கேட்டேன். ஆறு மாதத் தடைக்கு நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை, அது என்னைக் கட்டுப்படுத்தாது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த நிறுவனத்தோடு பேசும்போது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

முழு 24,000ஐயும் திருப்பிக் கேட்டு இரண்டு மெயில் வந்தது. வெளியான ரீல் அப்போதும் அவர்கள் பக்கத்தில் இருந்தது. அதன் இணைப்பை மட்டும் வைத்து, அதே கணக்கைத் திரும்ப அனுப்பினேன். மூன்றாவது மெயிலில் 6,000 தர ஒத்துக்கொண்டார்கள், நான் கேட்ட உறுதியும் அதில் இருந்தது. பணம் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை இரண்டாவது ரீலின் நடுவில் என் பக்கத்தின் பெயர் பெரிதாகத் தெரியும் பிரதியைத்தான் கொடுத்திருந்தேன். வரி போக 5,400 வங்கியில் விழுந்த பிறகு ரீலை வெளியிட்டு, சுத்தமான கோப்பையும் அனுப்பினேன். இந்த முறை முழுத் தரத்தில் இல்லை, பக்கத்தில் பகிரப் போதுமான தரத்தில்.

இரண்டு ரீலிலும் Paid partnership என்ற குறிப்பு இன்றும் இருக்கிறது. உறவு முறிந்ததும் அதை எடுத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிச் செய்த வீடியோ பக்கத்தில் இருக்கும்வரை அந்தக் குறிப்பும் இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு அது, நிறுவனத்தோடு உள்ள சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று தலைமுறை வரியை நான் மறுத்ததும் இதே காரணத்தால்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், பரிந்துரை செய்பவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாகவும், போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்தில் பரிந்துரை செய்தவருக்கும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வரியை எழுதிக் கொடுத்தது அவர்கள் என்றாலும், சொல்லும் வாய் என்னுடையது.

எனக்கு நஷ்டமும் உண்டு. மூன்றாவது ரீலுக்காக ஒளிப்பதிவுத் தம்பிக்கு ஒரு நாள் முன்பணம் 2,000 கொடுத்திருந்தேன். அவர் அந்தத் தேதிக்கு வேறு வேலையை விட்டிருந்தார், திருப்பிக் கேட்பது நியாயம் இல்லை. நிறுவனத்திடமும் கேட்க முடியவில்லை. பாதியில் நின்றால் ஆன செலவு யாருக்கு என்று மெயிலில் நான் எழுதியிருக்கவே இல்லை. இப்போது எழுதுகிறேன்: தேதி குறித்த பிறகு நின்றால் அந்த நாளின் செலவு அவர்களுடையது, முடிந்த ஒவ்வொரு ரீலும் தனி விலை உள்ள தனி வேலை. ரீலுக்கு இவ்வளவு என்று விலை பிரித்து எழுதியிருக்காமல் "நான்குக்கும் சேர்த்து 60,000" என்று மட்டும் இருந்திருந்தால், பாதியில் கணக்கு முடிப்பது எவ்வளவு இழுத்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். படம் எடுக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வரி வந்துவிட்டது: வீட்டுக்காரர் கொடுத்த அனுமதிக்கு மேல் நான் எதையும் யாருக்கும் கொடுக்க முடியாது.

விளம்பரம் நின்ற மறுநாளே ஆச்சியைப் பார்க்கப் போனேன். மெயில்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு போனேன். ஆச்சி அதைப் படிக்கவில்லை. "நீ செய்யலைன்னு தெரியும்த்தா. அவுகளுக்கு நான் என்ன சொல்ல, அதைச் சொல்லு" என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை நாலு வரியில் எழுதி, விளம்பரம் நின்றதற்கான ஆதாரத்தோடு அந்தப் பங்காளிக்கு அனுப்பினேன். அவர் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ஒருவர், இனி யார் கேட்டாலும் வீட்டைத் தரவே வேண்டாம் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான்கு மாதம் வளவுப் பக்கம் கேமராவைக் கொண்டுபோகவில்லை. 60 நாள் முடிந்த அன்றும், அதற்கு அடுத்த இரண்டு மாதத்திலும், விளம்பர நூலகத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் ஆச்சியிடம் போனில் சொன்னேன்.

போன மாதம் ஆச்சியே கூப்பிட்டார்கள். குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: என் சொந்தப் பக்கத்துக்கு, எந்த நிறுவனமும் இல்லாமல், ஒரு நாள். அதை ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லி, கீழே ஆச்சி கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். காலை எட்டரை வெயிலில், வரமிளகாயின் விதையை உதறி, ஆச்சி கைப்பக்குவத்தில் உப்புக்கறி எடுத்தோம்.